சம்பளம் வந்ததும் சேமிப்புப் பணம் தானாகப் பிரிய வேண்டும்: தேதியை எங்கே வைப்பது?

மாரத்தஹள்ளி மலர்

பெங்களூருவில் ஐடி வேலை. கைக்கு வருவது 58,000. வாடகையில் என் பங்கு 11,000, வேலூரில் அம்மாவுக்கு 12,000, கல்விக் கடன் இஎம்ஐ 7,400. இஎம்ஐ 5ஆம் தேதி போகும். மீதியில் மாதக் கடைசியில் எது மிஞ்சுகிறதோ அதைச் சேர்க்கலாம் என்று இருந்தால் எதுவும் மிஞ்சுவதில்லை. அதனால் செலவு தொடங்கும் முன்பே 10,000 தானாகப் போய்விட வேண்டும் என்று முடிவு செய்தேன். ஆர்டிக்கு 4,000, மியூச்சுவல் ஃபண்ட் எஸ்ஐபிக்கு 6,000.

எங்கள் கம்பெனியில் மாதத்தின் கடைசி வேலை நாளில் சம்பளம். அதனால் ஆர்டியை 30ஆம் தேதியில் திறந்து ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்‌ஷன் கொடுத்தேன். அடுத்த மாதமே "போதிய பணம் இல்லை" என்று காலை ஆறு மணிக்கு மெசேஜ். சம்பளம் அன்று மாலைதான் வந்தது. எஸ்ஐபி இன்னும் பதிவாகவில்லை, அதற்குள் கேட்டுவிடலாம் என்று எழுதுகிறேன். 1ஆம் தேதி வைத்தால் சரியாக இருக்குமா? பிப்ரவரியில் 30 இல்லையே, அப்போது என்ன ஆகும்?

பிடிஎம் கார்த்தி

இதற்கு ஏன் கவலை? எஸ்ஐபி ஒரு மாதம் போகாவிட்டால் அபராதமே கிடையாது. ஃபண்ட் கம்பெனி ஒன்றும் கேட்காது, சிபில் ஸ்கோரும் குறையாது. சம்பளத் தேதியிலேயே வைத்துவிடுங்கள். ஒரு மாதம் விட்டால் அடுத்த மாதம் போகும்.

ஜெயநகர் ராமநாதன்

கார்த்தி சொல்வதில் பாதி சரி. எஸ்ஐபி தவணை தவறினால் ஃபண்ட் கம்பெனி அபராதம் போடுவதில்லை, அது கடன் இல்லை என்பதால் சிபிலுக்கும் போவதில்லை. ஆனால் கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுக்க நீங்கள் கொடுத்த அனுமதியான நாச் மேண்டேட், பணம் இல்லாமல் திரும்பினால் உங்கள் வங்கி கட்டணம் பிடிக்கும். வங்கிக்கு வங்கி அது மாறும், பல இடங்களில் சில நூறு ரூபாய், அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. மாத எஸ்ஐபி தொடர்ந்து மூன்று முறை திரும்பினால் அந்த எஸ்ஐபியையே நிறுத்திவிடுவார்கள். 2,000 ரூபாய் எஸ்ஐபி போடுகிற ஒருவருக்கு ஒரு முறை திரும்பினாலே ஒரு வருடத்து லாபத்தில் நல்ல பகுதி போய்விடலாம்.

நான் வங்கியில் கிளியரிங் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மலர், உங்கள் விஷயத்தில் நடந்தது இதுதான். ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்‌ஷன், ஆர்டி தவணை எல்லாம் பெரும்பாலும் அன்றைய நாள் தொடங்கியதும் மொத்தமாக ஓடும். சம்பளமோ கம்பெனி எப்போது அனுப்புகிறதோ அப்போதுதான் வரும். ஒரே தேதி என்றாலும் உங்கள் தவணை காலையில், சம்பளம் மாலையில். சில வங்கிகள் அன்று மாலையோ அடுத்த சில நாட்களிலோ மறுபடி முயற்சி செய்யும், சில செய்யாது. அதை நம்பித் தேதி வைக்கக் கூடாது.

ஆர்டிக்குத் தனியாக ஒரு விஷயம் உண்டு. பொதுவாக அதைத் திறந்த தேதிதான் ஒவ்வொரு மாதமும் தவணைத் தேதி. பிறகு மாற்ற வழி இருக்கிறதா என்று கிளையில் கேட்டுப் பாருங்கள். இல்லை என்றால், ஒரு தவணைதானே ஆகியிருக்கிறது, அதை மூடிவிட்டுச் சரியான தேதியில் புதிதாகத் திறப்பது நல்லது. 29, 30, 31 மூன்றையும் யாரும் தொடவே வேண்டாம். பிப்ரவரியில் சில வங்கிகள் கடைசி நாளில் எடுக்கும், சில அடுத்த மாதம் 1ஆம் தேதிக்குத் தள்ளும்.

பேரோல் சுபா

மலர், நான் இன்னொரு கம்பெனியில் சம்பளப் பிரிவில் இருக்கிறேன். எங்கள் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். "கடைசி வேலை நாள்" என்பது நாங்கள் ஃபைலை வங்கியில் ஏற்றும் நாள். ஒருவர் ஏற்ற வேண்டும், இன்னொருவர் அனுமதி கொடுக்க வேண்டும். அனுமதி கொடுக்கிறவர் மீட்டிங்கில் இருந்தால் மாலை ஏழு மணி ஆகிவிடும். உங்கள் கணக்கு கம்பெனியின் வங்கியிலேயே இருந்தால் உடனே விழும். வேறு வங்கி என்றால் நெஃப்டில் போகும், அது அரை மணிக்கு ஒரு பேட்ச், இன்னும் கொஞ்ச நேரம் ஆகும். வருமான வரிக் கணக்கு முடிக்கிற மார்ச்சிலும் போனஸ் மாதத்திலும் இன்னும் தள்ளும்.

அதனால் கம்பெனி சொல்லும் தேதியை விட்டுவிட்டு, வங்கி மெசேஜில் கடந்த ஆறு மாதம் உண்மையில் எந்த நாள், எத்தனை மணிக்கு விழுந்தது என்று பாருங்கள்.

மாரத்தஹள்ளி மலர்

பார்த்தேன் அக்கா. நான்கு மாதம் கடைசி வேலை நாள் மாலை. ஒரு மாதம் 28ஆம் தேதியே வந்துவிட்டது, பண்டிகை மாதம் அது. ஒரு மாதம் அடுத்த மாதம் 1ஆம் தேதி மதியம்.

ஜெயநகர் ராமநாதன்

அப்படியானால் மிகத் தாமதமாக வந்த நாள் 1ஆம் தேதி மதியம். 2ஆம் தேதி காலை ஓடினாலே போதும், இன்னும் ஒரு நாள் இடம் விட்டு 3ஆம் தேதி வையுங்கள். ஞாயிறு, விடுமுறை என்று பார்க்க வேண்டியதில்லை. 2021 ஆகஸ்ட் 1 முதல் நாச் எல்லா நாளும் ஓடுகிறது. முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை இஎம்ஐ திங்களன்று போகும், இப்போது ஞாயிறு காலையே போய்விடும். ஆனால் உங்கள் இஎம்ஐ 5ஆம் தேதி என்பதை மறக்கக் கூடாது.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். செலவுக்கு முன் சேமிப்பு என்பது சரி. இஎம்ஐக்கு முன் சேமிப்பு என்று ஆகிவிடக் கூடாது. சேமிப்புத் தவணை திரும்பினால் கட்டணத்தோடு போகும். இஎம்ஐ திரும்பினால் வங்கி ஒரு பக்கம், கடன் கொடுத்தவர் இன்னொரு பக்கம் கட்டணம் போடுவார்கள், சிபிலிலும் பதிவாகும். கணக்கில் இரண்டுக்கும் பணம் இருக்கும் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டுமே சேமிப்பை முன்னால் வைக்கலாம்.

அல்சூர் செல்வி

நான் இந்த ஆப் எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. எங்கள் தெருவில் பத்து வருடத்துக்கு மேல் ஏலச்சீட்டு கட்டுகிறேன். 10ஆம் தேதி ஆனால் சீட்டு அக்கா வீட்டுக்கே வந்துவிடுவார்கள். பணம் இல்லை என்று அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமா? அதனால் 1ஆம் தேதி சம்பளம் வாங்கியதும் சீட்டுப் பணத்தைத் தனியாக எடுத்து வைத்துவிடுவேன். என் மகள் கல்யாணம் அதில்தான் நடந்தது. வங்கியில் போட்டால் யாரும் வந்து கேட்க மாட்டார்கள், அப்புறம் எப்படிச் சேரும்?

ஜெயநகர் ராமநாதன்

செல்வி அம்மா, நீங்கள் செய்வதும் இதேதான். 10ஆம் தேதி வருகிற அக்காவுக்காக 1ஆம் தேதியே ஒதுக்கிவிடுகிறீர்கள். வெளியூரிலிருந்து வந்து அறை எடுத்துத் தங்கும் பிள்ளைகளுக்குக் கதவைத் தட்ட யாரும் இல்லை, அதனால் வங்கியைத் தட்டச் சொல்கிறார்கள். ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், சீட்டு பதிவானதாக இருக்கட்டும். 1982 சட்டப்படி பதிவு இல்லாத சீட்டில் பணம் நின்றுபோனால் எங்கே போய்க் கேட்பது என்பதே சிரமம்.

அல்சூர் செல்வி

எங்கள் சீட்டுக்குப் பதிவெல்லாம் கிடையாது. நம்பிக்கைதான். இதுவரை நின்றதில்லை.

தர்மபுரி வேலு

எனக்கும் இதே பிரச்சினை. ஒரு படம் பார்க்கும் ஆப்புக்கு கார்டில் மாதா மாதம் பணம் போகிறது. ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்‌ஷன் என்று வருகிறது. எப்படி நிறுத்துவது?

பிடிஎம் கார்த்தி

வேலு அண்ணா, அது வேறு. உங்களுடையது கார்டில் கொடுத்த அனுமதி. பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பு வங்கியிலிருந்து மெசேஜ் வந்திருக்கும், ரத்து செய்யும் வழி அதிலேயே இருக்கும். இல்லையென்றால் கார்டு வங்கியின் ஆப்பில் மேண்டேட் பட்டியலில் நிறுத்தலாம்.

மாரத்தஹள்ளி மலர்

இன்னொரு பயம். எஸ்ஐபிக்கு மேண்டேட் பதிவு செய்யும்போது 6,000 என்று போட்டேன், ஆனால் அனுமதிப் பக்கத்தில் 25,000 என்று காட்டியது. மாதம் 25,000 எடுத்துவிடுவார்களா? அப்படியே பாதியில் விட்டுவிட்டேன்.

ஜெயநகர் ராமநாதன்

இல்லை. 25,000 என்பது உச்ச வரம்பு. அதற்கு மேல் எடுக்க முடியாது என்று பொருள். எடுப்பது நீங்கள் எஸ்ஐபியில் சொன்ன 6,000 மட்டும். நாளைக்கு எஸ்ஐபியைக் கூட்டினால் மறுபடி மேண்டேட் போட வேண்டாம் என்பதற்காக வரம்பைக் கூடுதலாக வைக்கிறார்கள். உங்களுக்குச் சங்கடமாக இருந்தால் குறைத்துக்கொள்ளலாம், பல இடங்களில் அந்தத் தொகையை மாற்ற விடுவார்கள்.

எலக்ட்ரானிக் சிட்டி நிஷா

தேதியை மட்டும் பேசிக்கொண்டிருக்கிறோம். பெங்களூருவில் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை வேலை மாறுவது சாதாரணம். அப்போது இந்த ஏற்பாடு முழுக்க உடையும், அதைப் பற்றி யாரும் சொல்லவில்லை.

நான் வேலை மாறியபோது புதிய கம்பெனி வேறு வங்கியில் சம்பளக் கணக்கு திறந்தது. ஆர்டி, இரண்டு எஸ்ஐபி, இன்சூரன்ஸ் பிரீமியம் எல்லாம் பழைய கணக்கில். புதிய சம்பளம் வந்த மாதம் பழைய கணக்கில் பணம் இல்லை, எல்லாம் வரிசையாகத் திரும்பியது. ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம். அத்தோடு, சம்பளம் தொடர்ந்து மூன்று மாதம் வராவிட்டால் சம்பளக் கணக்கைச் சாதாரணக் கணக்காக மாற்றிவிடுகிறார்கள், பிறகு குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று அதற்கும் பிடிப்பார்கள்.

இப்போது நான் வைத்திருக்கும் முறை இது. கம்பெனி தேர்ந்தெடுக்கும் கணக்கு வெறும் வாசல்தான், அதில் எந்த மேண்டேட்டும் இல்லை. எனக்கென்று வேறு வங்கியில் ஒரு கணக்கு, எந்த வேலையில் இருந்தாலும் அது மாறாது. இஎம்ஐ, ஆர்டி, எஸ்ஐபி எல்லாம் அதிலிருந்துதான் போகும். சம்பளக் கணக்கிலிருந்து 3ஆம் தேதி ஒரே ஒரு ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்‌ஷன், மொத்தத் தொகையும் நெஃப்டில் அந்தக் கணக்குக்கு. வேலை மாறினால் அந்த ஒன்றை மட்டும் புதிய வங்கியில் எழுதினால் போதும்.

ஜெயநகர் ராமநாதன்

நிஷா சொல்வது மிகச் சரி. மலரின் கணக்கை வைத்துப் போட்டுப் பார்க்கலாம்.

58,000 வருகிறது. நிலையான கணக்கிலிருந்து போக வேண்டியவை: இஎம்ஐ 7,400, ஆர்டி 4,000, எஸ்ஐபி 6,000. மொத்தம் 17,400. ஆனால் 17,400ஐ அப்படியே அனுப்பினால் ஒரு மாதம் சம்பளம் தள்ளிப்போனதும் எல்லாம் திரும்பும். அதனால் 20,000 அனுப்புங்கள். மாதம் 2,600 அங்கேயே நிற்கட்டும். ஒரு மாதத் தவணைகளுக்குச் சமமாக அது வளர்ந்துவிட்டால், ஒரு சம்பளம் முழுதாக வராவிட்டால்கூட எந்தத் தவணையும் திரும்பாது.

மாரத்தஹள்ளி மலர்

சார், 20,000 போனால் எனக்கு 38,000. வாடகையும் அம்மாவுக்கு அனுப்புவதும் சேர்ந்து 23,000. மிச்சம் 15,000. சாப்பாடு, மெட்ரோ, பஸ், வேலூர் போய்வர எல்லாம் அதில் முடியாது. 17,000 வேண்டும், அதற்குக் கீழே போனால் கிரெடிட் கார்டை எடுத்துவிடுவேன் என்று எனக்கே தெரியும்.

எலக்ட்ரானிக் சிட்டி நிஷா

அதைச் சொன்னது நல்லது மலர். கார்டில் கடன் ஏறிக்கொண்டே ஆர்டி கட்டுவதில் பயனே இல்லை, கார்டு வட்டி வருடத்துக்கு 40 சதவீதம்கூட வரும், ஆர்டியில் அதில் ஐந்தில் ஒரு பங்குகூடக் கிடைக்காது. தொகையைக் குறையுங்கள். அனுப்புவது 18,000 ஆகட்டும். எஸ்ஐபியை இன்னும் பதிவு செய்யவில்லை அல்லவா, 4,000இல் தொடங்குங்கள். 7,400, 4,000, 4,000 சேர்த்து 15,400. 2,600 நிற்கும். ஆறு மாதத்தில் 15,600 ஆகிவிடும், ஒரு மாதத் தவணை கையிருப்பில் வந்துவிட்டது. பிறகு எஸ்ஐபியை 6,000 ஆக்கினாலும் அதே 18,000க்குள் அடங்கும்.

சாதாரண ஆர்டியில் தொகையைக் கூட்டக் குறைக்க முடியாது, வேண்டுமென்றால் இன்னொரு ஆர்டிதான் திறக்க வேண்டும். கூட்டிக் குறைப்பதை எஸ்ஐபியில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிடிஎம் கார்த்தி

அந்த ஆறு மாதமும் கையிருப்பு சேவிங்ஸ் கணக்கில் சும்மா கிடக்குமே, வட்டி ரொம்பக் குறைவு. லிக்விட் ஃபண்டில் போடலாமே?

ஜெயநகர் ராமநாதன்

15,000 ரூபாய்க்கு வருடத்தில் சில நூறு ரூபாய்தான் வித்தியாசம். ஒரு தவணை திரும்பினால் அதில் பெரும்பகுதி போய்விடும். அந்தப் பணத்தின் வேலை வட்டி சம்பாதிப்பது இல்லை, காலை ஆறு மணிக்குக் கணக்கில் இருப்பது. லிக்விட் ஃபண்டில் இருந்தால் நீங்கள் தூங்கி எழுந்து எடுப்பதற்குள் தவணை திரும்பியிருக்கும்.

நாகவாரா ஜமால்

நான் கேப் ஓட்டுகிறேன். தினமும் பணம் வரும், ஆனால் சம்பளத் தேதி என்று எதுவும் கிடையாது. ஒரு வாரம் 9,000, ஒரு வாரம் 4,000. நீங்கள் சொல்லும் 3ஆம் தேதி எனக்கு எப்படிப் பொருந்தும்? போன வருடம் மாதம் 5,000 ஆர்டி போட்டு, வண்டி ரிப்பேர் வந்த மாதம் நின்றுவிட்டது.

எலக்ட்ரானிக் சிட்டி நிஷா

ஜமால் பாய், உங்களுக்கு மாதத்துக்கு ஒன்று என்பதைவிட வாரத்துக்கு ஒரு சிறு தொகை நல்லது என்று நினைக்கிறேன். திங்கள்கிழமை காலை 700 போனால் 4,000 வந்த வாரத்திலும் தாங்கும்.

ஜெயநகர் ராமநாதன்

எனக்கு அதில் தயக்கம் இருக்கிறது. வருடத்துக்கு 52 முறை எடுக்க முயன்றால் திரும்பும் வாய்ப்பும் அத்தனை முறை. நிலையில்லாத வருமானத்துக்கு, வாரம் முடிந்ததும் வந்ததில் இவ்வளவு பங்கு என்று கையால் மாற்றுவதுதான் என் அனுபவத்தில் நின்றது. ஜமால், வண்டிக் கடன் இருக்கிறதா?

நாகவாரா ஜமால்

இருக்கிறது சார், 7ஆம் தேதி 13,200. கையால் மாற்றுவது என்றால் நான் செய்ய மாட்டேன், ராத்திரி வீட்டுக்கு வந்தால் தூக்கம்தான் வரும். வாரம் 700 போட்டுப் பார்க்கிறேன். ஆனால் எந்த நாள் என்று யோசிக்க வேண்டும், எங்களுக்குப் பணம் விழும் நாள் மாறிக்கொண்டே இருக்கிறது.

பேரோல் சுபா

மலர், அந்த இரண்டாவது கணக்கில் யூபிஐ சேர்க்காதீர்கள். டெபிட் கார்டையும் வீட்டில் பூட்டி வையுங்கள். என் தம்பி இதே மாதிரி ஏற்பாடு செய்து, அந்தக் கணக்கையும் அதே ஃபோனில் யூபிஐயில் இணைத்தான். சம்பளக் கணக்கு தீர்ந்ததும் ஆப் அடுத்த கணக்கைக் காட்டுகிறது, ஒரு தட்டுதான். ஏற்பாடு இரண்டே மாதத்தில் வீணாகிவிட்டது.

எலக்ட்ரானிக் சிட்டி நிஷா

இதில் மட்டும் நான் ஒத்துப்போக மாட்டேன் சுபா. தனியாக இருக்கிற பெண்ணுக்கு ராத்திரி ஆஸ்பத்திரி என்றால் அட்வான்ஸ் கட்ட அந்தப் பணம்தான் இருக்கும். பூட்டி வைத்துவிட்டு யாரிடம் கேட்பாள்? என் கணக்கில் யூபிஐ இருக்கிறது, நான் தொடுவதில்லை.

பேரோல் சுபா

நீங்கள் தொடுவதில்லை. எல்லோராலும் அது முடியாது. நெட்பேங்கிங் இருந்தால் ராத்திரியிலும் அனுப்பலாம், நெஃப்ட் 2019 டிசம்பர் முதல் 24 மணி நேரமும் ஓடுகிறது. கொஞ்சம் சிரமமாக இருக்கட்டும், அவ்வளவுதான் நான் சொல்வது.

மாரத்தஹள்ளி மலர்

யூபிஐ இல்லாமல், நெட்பேங்கிங் மட்டும் வைத்துப் பார்க்கிறேன். இரண்டாவது கணக்கை எந்த வங்கியில் திறப்பது? குறைந்தபட்ச இருப்பு என்று 10,000 கேட்டால் என்னிடம் இல்லை.

ஜெயநகர் ராமநாதன்

ஸ்டேட் பேங்க் 2020இல் குறைந்தபட்ச இருப்பை எடுத்துவிட்டது. நம் பெங்களூரு கனரா வங்கியும் 2025 ஜூனிலிருந்து அதற்கு அபராதம் போடுவதில்லை. உங்கள் வீட்டுக்கோ அம்மா வீட்டுக்கோ பக்கத்தில் கிளை உள்ளதைப் பாருங்கள். திறக்கும்போதே நாமினி எழுதிவிடுங்கள்.

சம்பளக் கணக்கில் ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்‌ஷன் பதிவு செய்யும்போது முடிவுத் தேதி கேட்கும். சிலர் அவசரத்தில் ஒரு வருடம் என்று போட்டுவிடுகிறார்கள். பதின்மூன்றாம் மாதம் பணம் போகாது, மெசேஜும் வராது, 5ஆம் தேதி இஎம்ஐ திரும்பும்போதுதான் தெரியும். அந்த வங்கி எவ்வளவு தூரம் அனுமதிக்கிறதோ அவ்வளவு தூரம் வையுங்கள், முடியும் மாதத்தை ஃபோன் காலண்டரில் குறித்து வையுங்கள்.

மாரத்தஹள்ளி மலர்

சனிக்கிழமை கிளைக்குப் போகிறேன். முதலில் இரண்டாவது கணக்கு, அதில் 5ஆம் தேதி வருவது போல ஆர்டி, 7ஆம் தேதி எஸ்ஐபி 4,000. சம்பளக் கணக்கிலிருந்து 3ஆம் தேதி 18,000. கடைசியாக ஒரே ஒரு கேள்வி. கல்விக் கடன் இஎம்ஐயைப் புதிய கணக்குக்கு மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்தால், அந்த மாதமே மாறிவிடுமா?

ஜெயநகர் ராமநாதன்

நம்ப வேண்டாம். கடன் கொடுத்தவர்கள் புதிய மேண்டேட்டை அனுப்பி, உங்கள் புதிய வங்கி அதை ஏற்றுக்கொண்ட பிறகுதான் மாறும். சில நாட்களிலும் முடியும், ஒரு மாதத் தவணை பழைய கணக்குக்கே வருவதும் உண்டு. புதிய கணக்கிலிருந்து முதல் இஎம்ஐ போனதைக் கண்ணால் பார்க்கும் வரை பழைய கணக்கிலும் 5ஆம் தேதி 7,400 இருக்கட்டும். அந்த மாதம் மட்டும் எஸ்ஐபியைத் தொடங்காமல், அடுத்த மாதத்திலிருந்து போடுங்கள். பழைய மேண்டேட் நின்றதா என்று சம்பளக் கணக்கின் நெட்பேங்கிங்கில் மேண்டேட் பட்டியலில் பாருங்கள். இரண்டும் செயலில் இருப்பதாகக் காட்டினால் முதலில் கடன் கிளைக்கு எழுதுங்கள். நீங்களாக ரத்து செய்துவிடாதீர்கள், புதியது ஏறுவதற்கு முன் பழையது போய்விட்டால் அந்த மாதத் தவணைக்கு வழியே இருக்காது.